‘நம்ம புள்ள குரல்தானா இது?’ - சுருதியை மட்டும் திருத்துவது எப்படி?

சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் அதிகாலை நேரத்தில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவது தெரியும். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் ஜன்னலில் தலை சாய்த்திருப்பார்கள். காதில் இயர்போன். பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் வாய்க்குள் ஏதாவது பாடிக்கொண்டு வருவார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை போன் செய்கிறார்கள், கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள். வேலை நேரம் போக மீதி நேரத்தில் பாட்டும் பதிவாகிறது. ஒரு மைக், ஒரு லேப்டாப், கதவைச் சாத்தினால் அமைதியாகிற ஓர் அறை இருந்தால் போதும் என்ற காலம் இது.

பாடியதைத் திரும்பப் போட்டுக் கேட்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. பாடும்போது சரியாக இருந்த மாதிரி தோன்றிய ஓர் இடம், ஸ்பீக்கரில் கேட்டால் கொஞ்சம் இறங்கி ஒலிக்கிறது. அபஸ்வரம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், சேரவில்லை. அதை கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாம் என்று எல்லோருக்கும் தெரியும். சரிசெய்த பிறகு அது யார் குரல் என்பதுதான் கேள்வி.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுசாகப் பார்ப்போம்.

திருவண்ணாமலைப் பக்கத்து கிராமத்திலிருந்து வந்து, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அக்காவுக்கு வளைகாப்பு. லீவு கிடைக்கவில்லை. பாட்டி பாடிய தாலாட்டை இவள் பாடிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். அதை வளைகாப்பு அன்று பந்தலில் போடப் போகிறார்கள். பதிவுசெய்து தருகிறவர், ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தபடி, வாரக் கடைசியில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற ஓர் அண்ணன். பெண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “அண்ணா, நல்லா இருக்கணும். ஆனா, எங்கம்மா கேட்டா என் குரல்னு தெரியணும்.”

எத்தனை ‘சென்ட்’ விலகல்?

சுருதி விலகலை அளக்க ஓர் அலகு உண்டு. அதன் பெயர் சென்ட். ஆமாம், நிலத்தை அளக்கும் அதே பெயர்தான். ஒரு ஏக்கருக்கு நூறு சென்ட் என்பதுபோல, கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் இடையில் நூறு சென்ட். அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1880-களில் கொண்டுவந்த கணக்கு இது.

நம் பெண்ணுக்கு ஐந்தரைக் கட்டை சுருதி. அவளுடைய மேல் ஸட்ஜம் நொடிக்கு சுமார் 415 அதிர்வுகள். அதை அவள் 408-ல் பிடித்தால் 30 சென்ட் இறக்கம். நீட்டிப் பிடிக்கும் சுரத்தில் இந்த அளவு விலகினால் சங்கீதம் தெரியாதவர்களுக்கும் ‘என்னமோ சரியில்லை’ என்று தோன்றும். ஐந்து சென்ட் விலகல் பெரும்பாலும் யார் காதிலும் படாது. வேகமாகக் கடந்துபோகும் சுரங்களில் இருபது சென்ட்கூடத் தெரியாமல் போய்விடும். காதுக்கு ஒரு சுரத்தை நிறுத்துப் பார்க்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரம் கிடைக்கும் இடத்தில்தான் அது குறை சொல்லும்.

ஒரகடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. எந்த உதிரிபாகமும் வரைபடத்தில் போட்ட அளவுக்கு மயிரிழை பிசகாமல் வராது. இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ‘டாலரன்ஸ்’ கொடுத்திருப்பார்கள். அதற்குள் இருந்தால் பாஸ். தாண்டினால் ரீவொர்க். குரலுக்கும் டாலரன்ஸ் உண்டு. ஒரு வித்தியாசம், உதிரிபாகத்துக்கு ஒரே டாலரன்ஸ். குரலுக்கோ ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொன்று.

எண்ணெய் தேடிய கணக்கு

இந்தத் திருத்தத்தின் பின்னணிக் கதை சுவாரஸ்யமானது. ஆன்டி ஹில்டிபிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர், பூமிக்கடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் துறையில் இருந்தவர். நிலத்துக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கணக்குப் போடும் வேலை. பிறகு இசைப் பக்கம் வந்தார். ஒருமுறை சாப்பாட்டு மேசையில் ஒரு பெண்மணி, ‘நான் சுருதியோடு பாடுவதற்கு ஒரு பெட்டி செய்து கொடுங்களேன்’ என்று விளையாட்டாகக் கேட்டது அவர் மனதில் தங்கிவிட்டது. எதிரொலியில் பயன்பட்ட அதே வகைக் கணக்கு, குரலின் அதிர்வைக் கண்டுபிடிக்கவும் உதவியது. 1997-ல் ‘ஆட்டோ-ட்யூன்’ வந்தது.

மறுவருடமே ஷேர் என்ற பாடகி ‘பிலீவ்’ பாட்டில் அதை உச்சத்துக்கு முறுக்கிப் பாடினார். குரல் படிக்கட்டு ஏறுவதுபோல உடைந்து உடைந்து ஒலித்தது. உலகமே கேட்டது. தயாரித்தவர்கள் முதலில் அது வேறொரு கருவியின் வேலை என்று சொல்லி மறைத்தார்கள். மறைந்திருந்து திருத்துவதற்காக வந்த ஒரு பொருள், இப்படி வெளியே தெரிவதாலேயே பிரபலமானது. இன்று பலரும் ‘ஆட்டோ-ட்யூன் போட்ட குரல்’ என்று சொல்லும்போது நினைப்பது அந்த ஒலியைத்தான்.

இன்னொரு வழியைக் கொடுத்தவர், ஜெர்மனியின் மியூனிக்கைச் சேர்ந்த பீட்டர் நொய்பேக்கர். ‘ஒரு கல் எப்படி ஒலிக்கும்?’ என்ற விசித்திரமான கேள்வியிலிருந்து தொடங்கியவர். அவர் உருவாக்கிய ‘மெலோடைன்’ 2001-ல் வெளியுலகத்துக்கு அறிமுகமானது. 2012-ல் கிராமியின் தொழில்நுட்ப விருது அதற்குக் கிடைத்தது. இது பாடப் பாடத் திருத்துவதில்லை. பாடி முடித்ததைத் திரையில் விரித்துக் காட்டும். ஒவ்வொரு சுரமும் ஒரு குமிழ்போலத் தெரியும். குமிழின் ஊடே ஒரு மெல்லிய கோடு நெளிந்து ஓடும். குரல் உண்மையில் எப்படிப் போனது என்பது அந்தக் கோட்டில் இருக்கிறது. நம் பெண்ணின் தாலாட்டுக்கு இதுபோன்ற கருவிதான் வேண்டும். கியூபேஸ், லாஜிக் போன்ற மென்பொருள்களுக்குள்ளேயும் இதேபோல ஒன்று இருக்கிறது.

முதலில் தப்பு யாருடையது?

திருத்துவதற்கு முன்பு ஒரு விசாரணை தேவை. விலகியது குரலா, டிராக்கா?

பழைய பாட்டுக்கு இணையத்தில் கிடைக்கும் கரோக்கி டிராக்குகளில் இது அடிக்கடி நடக்கும். டேப்பிலிருந்து மாற்றும்போது வேகம் கொஞ்சம் கூடியோ குறைந்தோ இருந்தால், டிராக் முழுவதுமே இருபது முப்பது சென்ட் நகர்ந்திருக்கும். பாடுபவர் அந்த டிராக்கோடு அழகாகச் சேர்ந்து பாடியிருப்பார். மென்பொருளுக்கு டிராக் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 440 என்ற உலகப் பொது அளவுதான். ‘எல்லா சுரமும் தப்பு’ என்று அது சொல்ல, இவர் எல்லாவற்றையும் ‘சரி’ செய்ய, கடைசியில் குரல் ஒரு பக்கம், டிராக் ஒரு பக்கம். அதனால் டிராக்கில் நீளமாக ஒலிக்கும் ஒரு சுரத்தை முதலில் அளந்து, மென்பொருளின் அடிப்படை அளவை அதற்கேற்ப நகர்த்திவிட்டுத்தான் குரல் பக்கம் வர வேண்டும்.

தாலாட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அண்ணனே கீபோர்டில் டிராக் செய்தார். முதல் நான்கு வரிகளுக்கு வெறும் தம்புரா. அதற்குப் பிறகு கீபோர்டு சேரும்.

ஆனால், பதிவில் ஒரு தவறு நடந்தது. முதல் பதிவை, பெண் நைட் ஷிப்ட் முடித்து வந்த காலையில் எடுத்தார்கள். வேறு நேரம் கிடைக்கவில்லை. கேட்டுப் பார்த்தால் மேல் சுரங்கள் எல்லாமே இறங்கியிருந்தன. களைத்த உடம்பில் மூச்சின் அழுத்தம் குறையும். குரல் சுரத்தை எட்டிப் பிடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். போதாததற்கு ஹெட்போனில் டிராக்கை சத்தமாக வைத்திருந்தார்கள். தன் குரல் தனக்குக் கேட்காதபோது யாருக்கும் சுருதி நிற்காது. ஒரு பக்க ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பாடினால் பாதிப் பிரச்னை அங்கேயே தீரும் என்பது ஸ்டூடியோக்காரர்களின் பழைய வைத்தியம். அப்படிச் செய்தால் டிராக்கின் சத்தம் மைக்கில் ஒழுகாமல் இருக்க அந்தக் காதின் ஒலியை அணைத்துவிட வேண்டும்.

அந்தப் பதிவைத் திருத்த முயலாமல் தூக்கிப்போட்டார் அண்ணன். சரியான முடிவு. இறங்கிய சுரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். களைப்பை ஏற்ற முடியாது. ஏற்றிய பிறகும் அது களைத்த குரலாகவே இருக்கும், சுருதி சேர்ந்த களைத்த குரலாக.

அடுத்த வார விடுமுறையில் மதியத்துக்கு மேல் மறுபடி பதிவு. இடம்தான் பிரச்னை. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இதுபோன்ற விடுதி அறைகளில் எப்போதும் யாராவது ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அண்ணனின் வாடகை அறையோ வெறும் சுவர், கிரானைட் தரை, தலைக்கு மேல் ஃபேன். ஃபேனை அணைத்தார்கள். கொடியில் இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்கு நடுவே பெண்ணை நிறுத்தினார்கள்.

இது சத்தம் தெளிவாக இருப்பதற்கு மட்டுமல்ல. எதிரொலிக்கும் அறையில், ஒரு சுரம் பாடி முடித்து அடுத்த சுரத்துக்குப் போகும்போது முந்தைய சுரத்தின் மிச்சம் காற்றில் இருக்கும். மென்பொருள் இரண்டாவது சுரத்தை நகர்த்தும்போது அந்த மிச்சத்தையும் சேர்த்து நகர்த்தும். தண்ணீருக்கு அடியிலிருந்து பாடுவதுபோல ஒரு நடுக்கம் வரும். ‘ரிவெர்ப்’ சேர்த்துப் பதிவுசெய்து தரும் ஆப்களில் பாடிவிட்டு, பிறகு யாரிடமாவது திருத்தக் கொடுத்தால் நடப்பதும் இதுதான். எதிரொலியைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

திரையை மூடிவிட்டுக் கேட்பது

மூன்று முறை முழுசாகப் பாடி வாங்கினார் அண்ணன். அதில் நன்றாக வந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு, கையில் ஒரு தாளோடு கேட்டார். காதை உறுத்திய இடத்துக்கு மட்டும் ஒரு கோடு. மொத்தம் 14 கோடுகள்.

திரையைப் பார்த்தபடி கேட்டிருந்தால் நூறு கோடு விழுந்திருக்கும். நல்ல பாடகரின் குமிழ்கள்கூட கட்டத்தின் நடுவில் உட்காருவதில்லை. ஒன்று பத்து சென்ட் மேலே, ஒன்று எட்டு சென்ட் கீழே. கண் அதைத் தப்பு என்கிறது. காது ஒன்றுமே சொல்வதில்லை. கண் சொன்னதைக் கேட்டுத் திருத்த ஆரம்பித்தால், அந்தப் பதினாலும் சரியாகும், கூடவே அந்தப் பெண்ணும் காணாமல் போவாள்.

பதினாலில் ஐந்து இடங்களுக்கு, மற்ற இரண்டு பதிவுகளில் அதே வரி நன்றாக வந்திருந்தது. அதை வெட்டி இங்கே ஒட்டினார். திருத்தம் தேவையே இல்லை. அதுவும் அவள் பாடியதுதான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு டேப் காலத்திலேயே இருந்த முறை இது. மூன்றை அப்படியே விட்டார், ஏன் என்று பிறகு பார்ப்போம். மீதி ஆறுதான் ரீவொர்க்.

குமிழை நகர்த்து, கோட்டைத் தொடாதே

முதலாவது, இரண்டாம் பகுதியில் வரும் மேல் ஸட்ஜம். சுமார் மூன்று நொடி நீட்டிப் பிடிக்க வேண்டும். திரையில் பார்த்தால், அவள் 40 சென்ட் கீழே தொடங்கி மெல்ல ஏறி வருகிறாள். கால் நொடிக்குள் ஸட்ஜத்தின் பக்கத்தில் வந்துவிடுகிறாள். ஆனால், 15 சென்ட் கீழேயே நின்றுவிடுகிறாள். கடைசி அரை நொடியில் மூச்சு குறைந்து இன்னும் சரிகிறது.

இங்கே மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன, மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. கீழிருந்து ஏறி வருவது அவளுடைய பாணி. கிராமத்துத் தாலாட்டில் எல்லோரும் அப்படித்தான் சுரத்தைத் தொடுவார்கள். அதைத் தொடவே கூடாது. நடுவில் நிற்கும் இடம் இறக்கம். அது திருத்த வேண்டியது. கடைசிச் சரிவு பாதி இயல்பு, பாதி களைப்பு.

மெலோடைனில் இதற்குத் தனித்தனிக் கைப்பிடிகள் இருக்கின்றன. Pitch Center என்பது குமிழை மொத்தமாக ஏற்றி இறக்குவது. உள்ளே நெளியும் கோடு அப்படியே சேர்ந்து வரும். Pitch Drift என்பது மெதுவான சரிவை நிமிர்த்துவது. Pitch Modulation என்பது வேகமான அசைவை, அதாவது குரலின் நடுக்கத்தையும் அதிர்வையும் கூட்டிக் குறைப்பது. மூன்றாவதை அண்ணன் தொடவில்லை. குமிழை 12 சென்ட் ஏற்றினார். பதினைந்து இல்லை, பன்னிரண்டு. மீதி மூன்று யார் காதுக்கும் தெரியாது. சரிவைப் பாதியளவு நிமிர்த்தினார். முழுசாக நிமிர்த்தினால் சுரம் ஹார்மோனியக் கட்டையை அழுத்தியதுபோல ஆடாமல் நிற்கும். மனிதர் மூச்சில் அப்படி நிற்பதில்லை.

குரலின் அடையாளம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெருமளவு இந்த நெளிகோட்டில்தான். சுரத்தை எப்படி எட்டுகிறார், எவ்வளவு வேகத்தில் அதிர்கிறார், எப்படி விடுகிறார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இன்னொன்று, வாய், தொண்டையின் வடிவம் தரும் நாதம். பழைய டேப்பை வேகமாக ஓட்டினால் குரல் கார்ட்டூன் எலி மாதிரி ஆவது, சுருதியோடு இந்த நாதமும் சேர்ந்து நகர்வதால். இன்றைய மென்பொருள்கள் நாதத்தை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு சுருதியை மட்டும் நகர்த்தப் பார்க்கின்றன. பத்து, இருபது, நாற்பது சென்ட் நகர்த்தினால் வித்தியாசமே தெரியாது. ஒரு முழுக் கட்டை, இரண்டு கட்டை என்று போகும்போது குரல் மெலிந்தோ தடித்தோ போவது கேட்கும். அவ்வளவு தூரம் நகர்த்த வேண்டியிருந்தால், மறுபடி பாடச் சொல்வதே மரியாதை.

இரண்டாவது இடம் இன்னும் சுலபம், ஆனால் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். அக்காவின் பிள்ளையை நினைத்து உருகும் ஒரு வரியில் பெண் உணர்ச்சிவசப்பட்டு, அந்த வரி முழுவதும் 20 சென்ட்போல ஏறிப் பாடியிருந்தாள். ஒவ்வொரு குமிழாகப் பிடித்துக் கட்டத்தின் நடுவில் வைக்கலாம். வைத்தால் அந்த வரி செத்துவிடும். ஏனென்றால், சுரங்களுக்கு இடையே இருந்த தூரங்கள் அழகாகத்தான் இருந்தன. வரி மொத்தமாகத்தான் மேலே ஏறியிருந்தது. எல்லாக் குமிழ்களையும் சேர்த்துப் பிடித்து, ஒரே அசைவில் 15 சென்ட் இறக்கினார். உருக்கம் அப்படியே இருந்தது.

அசைகிற சுரத்தை என்ன செய்வது?

மூன்றாவது இடம்தான் அண்ணனுக்கு ஒரு மணி நேரம் எடுத்தது. பாட்டி தாலாட்டின் மெட்டு நீலாம்பரிச் சாயல் கொண்டது. தாலாட்டுக்கென்றே பேர்போன ராகம். அதில் ஓரிடத்தில் காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்கு வழுக்கிப் போய், ஆடி, மறுபடி இறங்குவாள்.

மென்பொருள் இதை ஒரு சுரம் என்று பார்ப்பதா, மூன்று சுரம் என்று பார்ப்பதா என்று தடுமாறி, நான்கு குமிழ்களாக வெட்டி வைத்திருந்தது. இந்த நிலையில் ‘எல்லாவற்றையும் சரிசெய்’ என்ற பொத்தானை அழுத்தினால், நான்கு துண்டுகளும் நான்கு கட்டைகளில் போய் உட்காரும். கமகம் படிக்கட்டாகிவிடும். மேற்கத்திய இசைக்காகச் செய்த கருவி இது. சுரம் என்றால் ஓரிடத்தில் நிற்பது என்பது அதன் நம்பிக்கை. நம் இசையில் சுரம் பல நேரம் ஒரு பாதை. தோடி ராகத்தின் காந்தாரம், ரிஷபத்தின் அருகிலிருந்து மத்யமம் வரை ஆடுவதுதான் அதன் உருவமே. பார்சிலோனாவைச் சேர்ந்த சேவியர் செர்ரா தலைமையில், சென்னை ஐஐடியும் பங்கேற்று நடந்த ‘காம்ப்மியூசிக்’ ஆய்வுத் திட்டத்தில் கர்னாடக இசைப் பதிவுகளின் சுருதியை அளந்தபோதும் இந்த அசைவைக் கணக்கில் எடுக்காமல் நகர முடியவில்லை.

அண்ணன் செய்தது இது. நான்கு துண்டுகளையும் ஒட்டி ஒரே குமிழாக்கினார். பிறகு, அசைவின் நடுவைப் பார்க்காமல், அசைவு முடிந்து குரல் வந்து தங்கும் இடத்தைப் பார்த்தார். காது சுருதியை அங்கேதான் சரிபார்க்கிறது. தங்கும் இடம் 18 சென்ட் கீழே. முழுக் குமிழையும் அந்த அளவுக்கு ஏற்றினார். ஆட்டம் ஆட்டமாகவே வந்தது.

இதே பாட்டை தானியங்கி முறையில் ஓட்டிப் பார்த்தால் இன்னொரு விபத்தும் நடந்திருக்கும். ஆட்டோ-ட்யூன் மாதிரியான கருவிகளில் ‘இந்தப் பாட்டில் இந்த ஏழு சுரங்கள்தான் வரும்’ என்று சொல்லிவிடலாம். நீலாம்பரிக்கு சங்கராபரணத்தின் ஏழு சுரங்களைக் கொடுத்தால் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால், நீலாம்பரியில் கைசிகி நிஷாதம் விருந்தாளியாக வந்து போகும். பட்டியலில் இல்லாத விருந்தாளியைக் கருவி கழுத்தைப் பிடித்துப் பக்கத்துச் சுரத்தில் தள்ளிவிடும். ராகமே மாறிப்போகும். திருத்தம் எவ்வளவு வேகத்தில் விழ வேண்டும் என்பதற்கு அதில் Retune Speed என்று ஒரு திருகு இருக்கிறது. பூஜ்ஜியத்தில் வைத்தால் ஷேர் பாட்டு. எண் கூடக் கூடத் திருத்தம் மெதுவாக வரும். வழுக்கல்கள் ஓரளவு தப்பிக்கும். நேர்க்கோட்டில் போகும் சினிமாப் பாட்டுக்கு அது போதும். தாலாட்டுக்குப் போதாது.

மீதி மூன்று ரீவொர்க்குகளும் இதே வகைதான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றில் மட்டும் ‘ஸ’ என்று தொடங்கும் சொல்லில் குமிழோடு சேர்ந்து அந்தச் சீறலும் நகர்ந்து, பல் இடுக்கில் விசில் அடித்ததுபோலக் கேட்டது. ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகளுக்கும் மூச்சுக்கும் சுருதி கிடையாது. அவற்றை நகர்த்தக் கூடாது. 2020-ல் வந்த மெலோடைன் ஐந்தாம் பதிப்பு இவற்றைத் தானே அடையாளம் கண்டு ஒதுக்கிவிடும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் கையால் வெட்டித் தனியே வைக்க வேண்டும்.

தொடாமல் விட்ட மூன்று

விட்டுவிட்ட மூன்றில் முதலாவது, தொடக்க வரியில் வரும் காந்தாரம். திரை ‘14 சென்ட் கீழே’ என்றது. காதுக்கோ தேன். காரணம் பழையது. தம்புராவோடு இயல்பாகச் சேரும் அந்தர காந்தாரம், கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் குறைவு. கீபோர்டு, எல்லா சுருதியிலும் வாசிக்க வசதியாக, ஒவ்வொரு கட்டைக்கும் சம தூரம் வைத்து ஒரு சமரசம் செய்துகொண்ட வாத்தியம். மென்பொருளின் கட்டமும் அதுவே. பெண் தம்புராவைக் கேட்டுப் பாடியிருக்கிறாள், சரியாகப் பாடியிருக்கிறாள். திரைதான் விலகல். ஆனால், ஐந்தாவது வரியில் கீபோர்டு சேர்ந்த பிறகு அதே காந்தாரம் கொஞ்சம் உரசியது. நம் ஆறு ரீவொர்க்கில் ஒன்று அதுதான். அங்கே மட்டும் எட்டு சென்ட் ஏற்றினார். ஒரே பெண், ஒரே சுரம், இரண்டு இடத்தில் இரண்டு தீர்ப்பு.

இரண்டாவது, ஒரு கீழ்ச் சுரம். இறங்கி இருப்பதாகக் காது சொன்னது. திரையில் பார்த்தால் சரியாகவே இருந்தது. குரல் அங்கே மங்கி, சத்தம் குறைந்து ஒலித்ததால் இறக்கம்போலத் தோன்றியது. சத்தத்தைச் சற்றே கூட்டியதும் சரியாகிவிட்டது. சுருதியை ஏற்றியிருந்தால் புதிதாக ஒரு தப்பு முளைத்திருக்கும்.

மூன்றாவது, கடைசி வரியின் கடைசிச் சொல். பேச்சுபோல விழுந்து முடிகிறது. சுரமே இல்லை. “பாட்டி அப்படித்தான் விடும்ணா” என்றாள் பெண். கோட்டை அடித்துவிட்டார்.

மறுநாள் காலைக் காது

திருத்திய கையோடு கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். காது களைத்திருக்கும். அதனால் ஓர் இரவு விட்டுவிட்டு, திருத்தாத பதிவையும் திருத்தியதையும் ஒரே சத்தத்தில் வைத்து, மாற்றி மாற்றிக் கேட்டார் அண்ணன். சத்தம் ஒன்றாக இருப்பது முக்கியம். சத்தம் கூடியது எதுவோ அதுவே நல்லது என்று காது ஏமாறும். பிறகு போன் ஸ்பீக்கரில் ஒருமுறை, தனிக் குரலாக ஒருமுறை.

தனிக் குரலில்தான் தடயங்கள் தெரியும். சுரத்துக்குச் சுரம் தாவும் இடத்தில் ‘டக்’ என்ற உடைவு, சொல்லின் தொடக்கத்தில் சின்ன நடுக்கம், நீட்டலில் தகரத்தைத் தட்டியது போன்ற பளபளப்பு. இவற்றில் ஒன்று கேட்டாலும் அந்த இடத்தில் திருத்தம் அதிகம். அண்ணனுக்கு ஓரிடத்தில் தகரம் கேட்டது. முதல் நாள் உற்சாகத்தில் ஒரு குமிழின் அசைவையும் சேர்த்துக் குறைத்திருக்கிறார். பழையபடி மாற்றினார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பந்தலில் போடவும் குடும்பத்துக்கு அனுப்பவும் இதையெல்லாம் செய்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. பாட்டுப் போட்டிக்கு அனுப்பும் பதிவில் செய்தால் கதை வேறு. பிரிட்டனின் ‘எக்ஸ் ஃபேக்டர்’ நிகழ்ச்சியில் 2010-ல் ஒளிபரப்பான குரல் தேர்வுகளில் சுருதி திருத்தப்பட்டது தெரியவந்து, நேயர்கள் கொதித்துப் போனார்கள். திருத்தாத பதிவை அழிக்காமல் தனியே வைத்திருப்பது எதற்கும் நல்லது.

கடைசியாகப் பெண்ணைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். எது திருத்தியது, எது திருத்தாதது என்று சொல்லாமல், இரண்டையும். இரண்டாவதை மறுபடி போடச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டாள்.

“மூணாவது வரியில மூச்சு வாங்குறது கேக்குதேண்ணா. அதை எடுத்துரலாமா?”

“எடுக்கலாம்மா. ஆனா, நீ பாடுற மாதிரி இருக்காது.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “சரி, இருக்கட்டும்.”

வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் ஒலி நசுங்கிவிடும் என்பதால், ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து, ஊரில் மைக்செட் வைப்பவரின் நம்பருக்கு அனுப்பினாள். அன்றைக்கு இரவு ஷிப்ட். பஸ் ஏழரைக்கு.